சிலம்பு உடையும் நொடி

பாண்டியன் செத்துவிட்டான். செங்கோல் உருண்டு கிடக்கிறது. கோப்பெருந்தேவி அவன் காலடியில் சாய்ந்துவிட்டாள். ஆனால் விளக்கு மட்டும் அணையவில்லை. செத்த மன்னன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கப் படுதாவைப் பார்க்கிறான். அங்கே நிற்கும் ஆசிரியை மைக் செட்காரரை நோக்கிக் கையை ஆட்டுகிறார். மைக் செட்காரரோ ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மேடையே தெரியாது. கடைசியில் மன்னன் எழுந்து, மகுடத்தைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே நடக்கிறான். தேவியும் பின்னாலேயே ஓடுகிறாள். மைதானமே சிரிக்கிறது.

பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் இந்தக் காட்சியை ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பார்கள். நடித்த பிள்ளைகள் மேல் இதில் தவறில்லை. வசனத்தை மூன்று மாதம் உருப்போட்டிருப்பார்கள், ஒரு சொல்கூடப் பிசகியிருக்காது. விளக்கை எப்போது அணைப்பது, யார் சொல்லி யார் அணைப்பது என்பதுதான் முடிவாகாமல் இருந்திருக்கும். பள்ளி நாடகம் பெரும்பாலும் நடிப்பில் தோற்பதில்லை, இந்த மாதிரி இடத்தில்தான் தோற்கிறது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நாடகத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதைப் போல அடிக்கடி மேடையேறும் கதை வேறொன்றைச் சொல்வது கடினம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் கதை சொல்லவே நேரம் செலவழிக்க வேண்டாம். கோவலன் மாதரி வீட்டிலிருந்து சிலம்போடு புறப்படுவது, பொற்கொல்லனைச் சந்திப்பது, ஊர்ப் பெண்கள் செய்தி கேட்பது, அரசவை என நான்கு காட்சிகள். இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட விழாக் குழு தராது. தந்தாலும் வாங்கக் கூடாது.

இந்த நாடகத்துக்கு ஒரே ஒரு நொடிதான் உயிர். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கண்ணகி உடைக்கிறாள். தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள் என்று மன்னன் சற்று முன்புதான் சொன்னான். இப்போது தெறிப்பது மாணிக்கம். மற்ற இருபத்துநான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடியும் இந்த ஒரு நொடியை நோக்கித்தான் போகின்றன. ஒத்திகை அட்டவணை, உடை, விளக்கு, மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் எல்லாவற்றையும் இந்த நொடியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் வேலை தானாக ஒழுங்குக்கு வரும்.

நாள்காட்டி காட்டாத நாள்கள்

ஆண்டு விழா ஜனவரி கடைசி வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் முதல் வாரம் ஒத்திகை தொடங்கினால் மூன்று மாதம் கையில் இருப்பதுபோலத் தெரியும். அது வெறும் தோற்றம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, ஆட்சியர் விடுமுறை அறிவிப்பாரா என்று காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கும் மாதம் அது. டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து அரையாண்டுத் தேர்வு. அது முடிந்ததும் விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்து பத்து நாளில் பொங்கல். அதன் பின் குடியரசு தின அணிவகுப்புக்குப் பாதிப் பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எல்லாம் கழித்தால் முப்பது, முப்பத்தைந்து ஒத்திகை தேறும். ஒவ்வொன்றும் ஒரு பாடவேளை. மொத்தமாகக் கூட்டினால் இருபத்தைந்து மணி நேரத்தைத் தாண்டாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத ஆசிரியர்கள் நவம்பர் முழுவதையும் வகுப்பறையில் உட்கார்ந்து வசனம் படிப்பதில் செலவழித்துவிடுகிறார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து வரும்போது பாதி வசனம் மறந்துபோயிருக்கும். என் அனுபவத்தில் எதிர்வழிதான் பலன் தருகிறது. முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டே பேச வேண்டும். ‘இந்தத் தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பி இந்தச் சொல்லைச் சொல்வேன்’ என்று உடம்பில் பதிந்த வசனம் பத்து நாள் லீவில் கரைவதில்லை.

அதற்கு மேடை வேண்டும். கலையரங்க மேடையில் நடனக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள், கிடைக்காது. ஆனால் அதன் அளவு கிடைக்கும். முப்பதடி அகலம், இருபதடி ஆழம் என்றால் விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் கோலமாவால் அதே அளவுக்குச் செவ்வகம் வரைந்து, சிம்மாசனத்துக்கு ஒரு கட்டம், இரண்டு பக்கமும் நுழைவாயில், முன்விளிம்பில் மட்டும் இரட்டைக் கோடு. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறை அளவுக்குப் பழகிவிட்டு மேடையேறும்போது நடுவில் ஒட்டிக்கொண்டு குவிந்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். கோலமாவு அதைத் தடுக்கும்.

பொங்கலுக்கு முன் முழு நாடகமும் நிறுத்தாமல் ஒருமுறை ஓடியிருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு நடிப்பில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அந்தக் கடைசி நாள்கள் பொருள்களுக்கும் உடைக்கும் விளக்குக்கும் உரியவை.

முதல் தேர்வு நடிகருக்கு அல்ல

நடிகர் தேர்வு என்றாலே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு, நீண்ட வசனம் ஒன்று, வரிசையாக வந்து முழங்கும் பிள்ளைகள். அதற்கு முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு ஆள் உண்டு. மேடைப் பொறுப்பாளர். நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கப் படுதாவில் நின்று விளக்கு, ஒலி, திரை, பொருள் எல்லாவற்றுக்கும் ‘இப்போது’ என்று சொல்லும் பிள்ளை. அந்த நேரத்தில் தலைமையாசிரியரே வந்து ஏதாவது கேட்டாலும் பிரதியிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வகுப்பில் அதிகம் பேசாத, வீட்டுப்பாட நோட்டில் தேதி போட்டுக் கோடு கிழிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியாக இருப்பாள். நடிக்கக் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசாக இந்த வேலையைக் கொடுக்கும் பள்ளிகளில்தான் செத்த பாண்டியன் எழுந்து நடக்கிறான்.

பிறகு நடிகர்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஜனவரியில் திருப்புதல் தேர்வில் இருப்பார்கள், அவர்களைத் தொட முடியாது. எட்டு, ஒன்பது, பதினொன்று மீதி. கண்ணகிக்கு யார் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். நான் வேறு இரண்டு சோதனைகளை நம்புகிறேன். பிள்ளையைத் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நிறுத்தி, நீங்கள் மறுமுனையில் நின்று, கத்தாமல் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் கடைசி எழுத்து உங்களுக்குக் கேட்கிறதா? பிள்ளைகள் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலை விழுங்குகிறார்கள், தமிழில் வினைமுற்று இருப்பதோ வாலில். இரண்டாவது, இருவரைப் பேசவிட்டு, பேசாதவரின் முகத்தைப் பாருங்கள். அடுத்தவர் பேசும்போது தன் முறைக்காக உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை பாண்டியனாக முடியாது. வழக்குரை காதையில் பாண்டியனின் வேலையில் பாதி, கேட்பதுதான்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பழைய தொல்லை இருக்கிறது. மகரக்கட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் கோவலன் கதையை நாடகமாக எழுதியவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்கள்தாம் நடிகர்கள். அந்த நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் குரல் உடையும் வயது வந்துவிட்டால் பாட்டுப் பாடும் பையனின் நிலைமை ஆட்டம் காணும். நம் நாடகத்தில் பாட்டு இல்லை என்றாலும் நவம்பரில் கணீரென்று பேசிய எட்டாம் வகுப்புப் பையன் ஜனவரியில் ‘கள்வனை’ என்னும்போது குரல் கீச்சென்று மேலே போய்விடும். மைதானம் சிரித்தால் அவன் அடுத்த வரியை மறப்பான். பாண்டியனைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்து எடுப்பது பத்திரம். குரல் மாறிக்கொண்டிருக்கும் பையனைக் காவலனாக்குங்கள், வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

பெற்றோர்கள் வருவார்கள். “டீச்சர், எங்க பாப்பாவுக்கு ரெண்டு டயலாக்காவது குடுங்க” என்பார்கள். ஊர்ப் பெண்கள் காட்சி அதற்குத்தான் இருக்கிறது. நான்கு பெண்கள் என்று எழுதியதை எட்டாக்கினால் கெட்டுப்போவது எதுவுமில்லை, கூட்டக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும். அரசவையில் மட்டும் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

ஜனவரி பனியில் காய்ச்சல் வரும், சில வகுப்புகளில் அம்மையும் வரும். கண்ணகிக்கு மாற்று யார்? ஒத்திகை முழுக்கப் பிரதியைக் கையில் வைத்திருந்த மேடைப் பொறுப்பாளருக்கு எல்லா வசனமும் தெரியும். ஆனால் அவளை மேடைக்கு அனுப்பினால் பக்கப் படுதாவில் ஆள் இருக்காது. எனவே மாற்று கண்ணகி ஊர்ப் பெண்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது கண்ணகியாக நின்று பார்த்திருக்க வேண்டும்.

வசனத்தை முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவு செய்து, மேடையில் வாயசைக்க வைக்கும் வழக்கம் இப்போது பல பள்ளிகளில் வந்துவிட்டது. மைக் தொல்லை இல்லை, மறதி இல்லை, நேரம் நொடி சுத்தம். அதன் வசதிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் சிலம்பு உடைவதற்கு ஒரு மூச்சு முன்னால் கண்ணகி நிற்கிறாளே, அந்த நிறுத்தத்தை ஒலிநாடா தீர்மானிக்கும். அவள் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். முன்விளிம்பில் மூன்று மைக்குகளை வைத்து, முக்கியமான வசனங்களை அவற்றின் நான்கடிக்குள் வந்து பேசும்படி அசைவை அமைத்தால் பதிவு தேவைப்படாது.

இரண்டு சிலம்பு, ஒரு ஜமுக்காளம்

மேடையில் உடைய வேண்டிய பொருள் எப்போதும் இரண்டு வகையில் சதி செய்யும். உடைய வேண்டிய நேரத்தில் உடையாது, வேண்டாத நேரத்தில் உடையும். பழைய செய்தித்தாளைக் கூழாக்கி, வளையத்தை இரண்டு பாதிகளாக வார்த்துக் காயவைத்து, உள்ளே விதைகளை நிரப்பி, மைதாப் பசையால் மூன்று பொட்டு மட்டும் வைத்து ஒட்டுவது எளிய வழி. முழுவதும் பசை தடவினால் காய்ந்து கல்லாகிவிடும். மேலே பொன்னிற வண்ணம். மாணிக்கத்துக்கு மஞ்சாடி விதை. நல்ல சிவப்பு, பளபளப்பு, சற்றே தட்டையாக இருப்பதால் பாசிமணி போல உருண்டு ஓடாது. குன்றிமணியும் சிவப்புதான், அதைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நச்சு விதை அது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் திரிந்துகொண்டிருப்பார்கள்.

கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு, அரண்மனையிலிருந்து வரும் சிலம்பு இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல இருந்தால்தான் கதை. ஒன்று உடையாத கெட்டிச் சிலம்பு, மற்றது உடைவது. இந்த இரண்டும் மாறிப்போவதுதான் இந்த நாடகத்தின் மிகப் பெரிய ஆபத்து. கண்ணகி ஆவேசமாக ஓங்கி அடிக்கிறாள், உலோகம் ‘டங்’ என்று குதித்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினரின் காலடியில் போய் விழுகிறது. அதன் பிறகு அந்த நாடகத்தைக் காப்பாற்ற முடியாது.

அதற்காகத்தான் பொருள் மேசை. பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு மேசை, மேலே பழுப்புத்தாள். ஒவ்வொரு பொருளையும் அதன் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து பெயர் எழுதிவிட வேண்டும். செங்கோல், வாள் இரண்டு, கெட்டிச் சிலம்பு. பார்த்ததுமே எது இல்லை என்று தெரியும். உடையும் சிலம்பு மட்டும் மேசையில் இருக்காது. மூடியிட்ட டப்பாவில், ஒரே ஒரு மாணவன் பொறுப்பில். அரசவைக் காட்சியில் காவலன் வந்து கை நீட்டும்போது மட்டுமே அவன் அதைத் திறப்பான். இரண்டாவது உடையும் சிலம்பு ஒன்றும் அதே டப்பாவில் இருக்கும்.

விதைகள் சிதறிய மேடையில் அடுத்து வெறுங்காலோடு பரதநாட்டியப் பிள்ளைகள் வருவார்கள். ஒருவர் வழுக்கினாலும் போதும். துடைப்பம் எடுத்துக்கொண்டு இருட்டில் பெருக்க முடியாது. சிம்மாசனத்துக்கு முன்னால் ஆறடிக்கு நான்கடி ஜமுக்காளம் ஒன்றை விரித்து, அதன் நடுவில் கீழே ஒரு மரப்பலகையை மறைத்து வைத்தால் இரண்டு வேலையும் முடியும். பலகை இருப்பதால் சிலம்பு நிச்சயமாக உடையும், சத்தமும் எழும். காட்சி முடிந்ததும் நான்கு மூலையையும் நான்கு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனால் விதைகளும் போய்விடும். ஜமுக்காளம் அகலும்போது ஒரே ஒரு மாணவன் பின்னால் நடந்து காலால் தடவிப் பார்ப்பான், ஓரம் தாண்டித் தெறித்தது ஏதும் உண்டா என்று.

சிவப்பு விளக்கு போடாதீர்கள்

விளக்குக்காரர் வருவார். சின்ன ஊர்களில் மைக் செட், பந்தல், விளக்கு எல்லாம் ஒருவரே. “கண்ணகி சீன் தானே மேடம், செவப்பு போட்டுத் தூக்கிரலாம்” என்பார். அன்போடு மறுக்க வேண்டும்.

காரணம் எளிது. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைப் பொருளும் சிவப்பாகத்தான் தெரியும், சிவப்புப் பொருளும் சிவப்பாகத்தான் தெரியும். முத்தா மாணிக்கமா என்பதில்தான் கதையே நிற்கிறது. அந்த நொடியில் சிவப்பு விளக்கு போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் அழிந்துவிடும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். டார்ச் லைட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, குங்கும டப்பாவையும் விபூதித் தட்டையும் ஒன்றாகக் காட்டுங்கள். பச்சை இன்னும் மோசம், சிவப்பெல்லாம் கறுத்துவிடும், முகங்கள் நோயாளிகளைப் போல ஆகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து எல்.இ.டி. பார் விளக்குகள் தரும் வெள்ளையும் முழு வெள்ளை அல்ல, தோலின் நிறத்தை மங்கலாக்கும். இந்த ஒரு இடத்துக்குப் பழைய ஹாலஜன் விளக்குதான் பொருத்தம். ஆயிரம் வாட் ஹாலஜன் ஒன்று நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பதினைந்து ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டக் கூடாது. அதே வரியில் ஸ்பீக்கரையும் மாட்டினால் விளக்கைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் உறுமும்.

அரசவைக் காட்சியின் விளக்குக் குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். முழு நாடகத்துக்கும் பதினான்கு என்றால் இந்தக் காட்சிக்கு ஆறு. ஒன்பதாவது குறிப்பு, வாயில்காவலன் உள்ளே வந்து சொல்லி முடித்து மன்னன் ‘வரச் சொல்’ என்றதும்: இடப்பக்க விளக்கு மட்டும் நுழைவாயிலில் திறக்கும். பத்தாவது, கண்ணகியின் கால் ஜமுக்காளத்தில் பட்டதும்: முன்விளக்குகள் ஐந்து எண்ணிக்கையில் மெல்ல ஏறி மேடை முழுக்க மஞ்சள் கலந்த வெளிச்சம். இதன்பின் நீண்ட வாதம். மன்னன் ‘முத்து’ என்று சொல்லும் இடத்தில் ஏதாவது செய்யலாமே என்று விளக்குக்காரருக்குக் கை அரிக்கும். செய்யக் கூடாது. அங்கே வெளிச்சம் மாறினால் பார்ப்பவர்கள் வசனத்தை விட்டு விளக்கைப் பார்ப்பார்கள், ஒரே ஒரு தகவல் காதில் விழாமல் போகும். அந்தத் தகவல்தான் முத்து.

பதினொன்றாவது குறிப்பு உடையும் நொடி. மஞ்சள் சட்டென்று போய், ஹாலஜன் வெள்ளை ஜமுக்காளத்தின் மேலும் மன்னனின் முகத்தின் மேலும் விழ வேண்டும். கூடவே உடுக்கையில் ஒரே ஒரு அடி. இதை எப்போது சொல்வது? சிலம்பு பலகையில் பட்டதும் சொன்னால் தாமதமாகிவிடும். மேடைப் பொறுப்பாளர் சொல்லி, விளக்குக்காரர் கேட்டு, கை அழுந்தி, ஹாலஜன் இழை சூடேறுவதற்குள் விதைகள் சிதறி முடிந்திருக்கும். எனவே கண்ணகியின் கை தலைக்கு மேல் உச்சிக்குப் போனதும் ‘போ’ என்று சொல்ல வேண்டும். கண்ணகியும் அந்த உச்சியில் ஒரு மூச்சு நிற்க வேண்டும். இது நடிப்புக் குறிப்பு மட்டுமல்ல, இருட்டில் இருக்கும் மூன்று பேரோடு அவள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஆவேசத்தில் அந்த மூச்சை அவள் விட்டுவிட்டால் விளக்கு பின்தங்கும். ஒத்திகையில் ‘நன்றாக நடித்தாய்’ என்று சொல்வதைவிட ‘நின்றாயா’ என்று கேட்பது முக்கியம்.

மஞ்சாடி விதை ஐந்தாவது வரிசைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மன்னன் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி, விரல் இடுக்கில் வழிய விட்டுக்கொண்டே நிமிர வேண்டும். பின்வரிசைக்கு அந்தக் கை தெரியும். பன்னிரண்டாவது குறிப்பு வெண்கொற்றக்குடை சாயும்போது, பதின்மூன்றாவது மன்னன் தரையில் விழும்போது. பதினான்காவது, தேவி அவன் காலடியில் சாய்ந்து மூன்று எண்ணியதும் முழு இருட்டு.

ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் பிரதியில் நான்கைந்து வரி மேலே ‘ரெடி’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘பதினொன்று ரெடி’ என்று கேட்டதும் விளக்குக்காரர் கையைப் பொத்தானில் வைத்துக் காத்திருப்பார். ‘போ’ என்பதை வேறு எதற்கும் மேடைக்குப் பின்னால் யாரும் சொல்லக் கூடாது. தொலைவிலிருந்தால் இரண்டு ஆசிரியர்களின் கைபேசி அழைப்பும் இயர்போனும் போதும். ஒருவர் மேடைப் பொறுப்பாளர் பக்கத்தில், மற்றவர் விளக்குக்காரர் பக்கத்தில். விளக்கு மேசை மேடைக்கு எதிரே, கூட்டத்தின் பக்கவாட்டில் இருந்தே ஆக வேண்டும். இதை வாடகை பேசும்போதே சொல்லிவிட வேண்டும், அன்று மாலை சொன்னால் ஒயர் நீளாது என்பார்.

விளக்குக்காரரை விழாவுக்கு முதல் நாள் மாலையே வரவழைப்பதற்கு ஒரு நாள் வாடகை கூடும். நாடகச் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பகலில் விளக்கு ஒத்திகை பார்ப்பதில் பயனில்லை, ஜனவரிக் கடைசியில் இருட்ட ஏழு மணி நெருங்கிவிடும். அந்த ஒத்திகையில் முழு வசனமும் பேச வேண்டாம். குறிப்புக்கு முந்திய இரண்டு வரி, குறிப்பு, பிந்திய ஒரு வரி, அடுத்த குறிப்புக்குத் தாவல். சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. பிள்ளைகளுக்குச் சலிக்கும், கண்ணகி கொட்டாவி விடுவாள். இரண்டு மணி நேரம் ஆகும். அதே காரணத்தால் நிகழ்ச்சி நிரலில் நாடகத்தை ஏழு மணிக்குப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். ஆண்டறிக்கை வாசிப்பு வெளிச்சத்திலேயே நடக்கட்டும், அதற்கு இருட்டு தேவையில்லை.

மகுடத்தின் நிழல்

உடையை வாடகைக் கடையில் எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வெல்வெட்டில் ஜரிகை தைத்த ராஜா உடை, அட்டை மகுடம், பலர் கட்டிய வியர்வை வாசனையோடு ஒட்டுத்தாடி. எல்லாம் பெரியவர் அளவு. விழாவன்று மதியம் மூட்டையாக வந்து இறங்கும், அப்போதுதான் மகுடம் பாண்டியனின் புருவம்வரை இறங்குகிறது என்று தெரியும். மேலிருந்து விளக்கு விழும்போது மகுடத்தின் நிழலில் கண் இரண்டும் மறைந்துவிடும். கேட்பதையே நடிப்பாகக் கொண்ட மன்னனுக்குக் கண் தெரியாவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. மகுடத்தை மட்டுமாவது பள்ளியிலேயே செய்யுங்கள், நெற்றியில் முடிக்கோட்டுக்கு மேல் நிற்கும்படி. தாடி வேண்டாம். பதினாறு வயது முகத்தில் தாடி வைத்தால் யாரும் மன்னன் என்று நம்புவதில்லை.

கண்ணகிக்குப் பருத்திச் சேலை. மங்கிய நிறம், கரை சிறியது. மிகவும் வெள்ளையான துணி எல்.இ.டி. விளக்கில் கண் கூசும், முகத்தைவிடத் துணிதான் முன்னால் நிற்கும். வெளுத்த வெள்ளையைத் தேயிலை நீரில் நனைத்து எடுத்தால் போதும். சேலையைக் கட்டிக்கொண்டு கையை உச்சிக்குத் தூக்கினால் முந்தானை சரிகிறதா, தரையில் குனிந்தால் கால் தடுக்குகிறதா என்பதை விழாவன்று கண்டுபிடிப்பதில் அர்த்தமில்லை. கடைசி ஒரு வாரம் எல்லா ஒத்திகையும் சேலை, வேட்டியோடுதான். ஊர்ப் பெண்கள் அரசவைக் காட்சியில் பணிப்பெண்களாக வர வேண்டியிருந்தால் உடையை மாற்றாதீர்கள். மேலாடை ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், முடிச்சுக்குப் பதில் ஒட்டும் பட்டை. இடையில் இருப்பது ஒன்றரை நிமிடம், அதில் பாதி இருட்டு.

விழா இரவு

மேடைக்குப் பின்னால் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் சத்தம். பொருள் மேசைக்கு ஒருவர், சிலம்பு டப்பாவுக்கு ஒருவர், திரைக்கு இருவர், சிம்மாசனமும் ஜமுக்காளமும் தூக்க நால்வர், உடுக்கைக்கு ஒருவர், ஓட ஒருவர். கறுப்பு அல்லது கருநீல உடை, செருப்பு கிடையாது. சிம்மாசனத்தின் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டுகள். இருட்டில் அது தெரியும்.

ஓட ஒருவர் என்றேன். அவன் வேலை என்னவென்றால், அடுத்து ஆட வேண்டிய பரதநாட்டியக் குழுவை வகுப்பறையிலேயே நிறுத்திவைப்பது. இந்த வேலை இல்லாத நாடகங்களில், கண்ணகி கை உயர்த்தி நிற்கும் அந்த ஒரு மூச்சு அமைதியில், பக்கப் படுதாவுக்குப் பின்னாலிருந்து நாற்பது கால் சலங்கைகள் ‘ஜல்’ என்று கேட்கும். பதின்மூன்றாவது குறிப்பு முடிந்ததும் ஓடிப் போய் அவர்களை அழைத்து வர வேண்டும், அதற்கு முன் அல்ல.

முழு இருட்டு என்று பிரதியில் எழுதுவது எளிது. மைதானத்தின் டியூப் லைட்டுகள், பந்தலின் சீரியல் செட், பெற்றோரின் கைபேசி வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் மேடையில் நிலவொளி அளவு வெளிச்சம் இருக்கும். மைதான விளக்குகளின் சுவிட்ச் எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை முந்திய நாளே தெரிந்துகொண்டு, இரவுக் காவலர் அண்ணனிடம் சொல்லி நாடகம் தொடங்கும்போது அணைக்க வைக்க வேண்டும். முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே கயிறு கட்டாவிட்டால் வீடியோ எடுக்கும் அப்பாக்கள் அங்கேதான் நிற்பார்கள்.

மதுரை எரிவதையும் காட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். தீப்பந்தம், கற்பூரம், எதுவும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய நெருப்பில் 94 குழந்தைகள் இறந்துபோன மாநிலம் இது. துணிப் படுதா, பந்தல் துணி, பாலியஸ்டர் உடை போட்ட பிள்ளைகள், ஒரே ஒரு பக்கம் இறங்கும் படிக்கட்டு. வழக்குரை காதை மன்னனும் தேவியும் விழுவதோடு முடிந்துவிடுகிறது, நாமும் அங்கே முடிக்கலாம்.

மின்சாரம் போகலாம். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில் நடிகர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டிய விஷயம்தான். அப்படியே உறைந்து நிற்பது, வெளிச்சம் வந்ததும் விட்ட வரியின் தொடக்கத்திலிருந்து பேசுவது. யாரும் “என்னாச்சு” என்று கேட்கக் கூடாது, மைக் ஜெனரேட்டரோடு சேர்ந்து உயிர் பெறும்போது அந்த “என்னாச்சு” மைதானம் முழுக்கக் கேட்கும்.

நாடகம் முடிந்த பத்தாவது நிமிடம் அப்பாக்களும் அம்மாக்களும் படம் எடுக்க மேடைக்குப் பின்னால் வந்துவிடுவார்கள். அதற்குள் பொருள் மேசையின் பழுப்புத்தாளில் வரைந்த எல்லா இடமும் நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாள் ஒன்று ஏதோ ஒரு தம்பியோடு வீட்டுக்குப் போய்விடும். வாடகை உடைகளைப் பட்டியல் பார்த்து எண்ணி அன்று இரவே மூட்டை கட்டுவது உத்தமம். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையில் கொடுக்காவிட்டால் இரண்டாம் நாள் வாடகை. மேடைப் பொறுப்பாளரின் பிரதி மட்டும் எங்கும் போகக் கூடாது. பதினொன்றாவது குறிப்பு எவ்வளவு பிந்தியது, ஜமுக்காளத்தைத் தூக்க எவ்வளவு நேரம் ஆனது என்றெல்லாம் அவள் பென்சிலில் எழுதியிருப்பாள். அடுத்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு, நாடகத்துக்கு வர மாட்டாள். அந்தப் பிரதி, இருட்டில் ஜமுக்காளத்தின் மூலையைத் தூக்கிய நால்வரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரோ அவர் கைக்குப் போக வேண்டும்.